வாந்தியும் காய்ச்சலும் உள்ள குழந்தைக்கு எதைக் கொடுப்பது? ஓ.ஆர்.எஸ்., இளநீர், கஞ்சி, மோர், பால்: ஓர் ஒப்பீடு

இரண்டு வயதுக் குழந்தை. எடை 12 கிலோ. இரவு பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு முறை வாந்தி, காய்ச்சல் 101 டிகிரி. விடிந்ததும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பாட்டி இளநீர் வெட்டச் சொல்வார், பக்கத்து வீட்டக்கா குளுக்கோஸ் கரைக்கச் சொல்வார், மெடிக்கலில் ஒரு பழச்சாறு டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். "வயிற்றைக் காயப்போடு, தானாகச் சரியாகும்" என்றும் ஒரு குரல் வரும். வாசகர்கள் அடிக்கடி கேட்பதும் இதைத்தான்: இவற்றில் எதைக் கொடுப்பது, எதை எப்போது நிறுத்துவது?

பதில் ஒரே பானமாக இருக்காது. குழந்தையின் உடலிலிருந்து என்ன வெளியேறுகிறதோ, அதைப் பொறுத்துப் பானமும் மாறும். எனவே எதை வைத்து எடைபோடுவது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, என்ன இழப்பு என்பது. வெறும் காய்ச்சல் என்றால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் போவது பெரும்பாலும் தண்ணீர்தான், உப்பு அதிகம் போவதில்லை. வாந்தியில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வயிற்றுப்போக்கு சேர்ந்துகொண்டால் உப்பு இழப்பு பல மடங்காகும். காய்ச்சலுக்குப் போதுமான பானம் வயிற்றுப்போக்குக்குப் போதாமல் போவது இதனால்தான்.

இரண்டாவது, உப்பும் சர்க்கரையும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது. சிறுகுடலின் உட்சுவர் உப்பையும் குளுக்கோஸையும் ஜோடியாகத்தான் உள்ளே இழுக்கும், தண்ணீர் அவற்றின் பின்னால் வரும். கிருமியால் குடல் புண்பட்டிருக்கும் போதும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. சர்க்கரை கூடிப்போனால் நடப்பது தலைகீழ்: குடலுக்குள் அடர்த்தி ஏறி, உடலிலிருந்து தண்ணீர் குடலுக்குள் இழுபடும், பேதி கூடும்.

மூன்றாவது, வயிற்றில் தங்குமா என்பது. இது பானத்தின் வகையை விடக் கொடுக்கும் அளவையும் வேகத்தையும் சார்ந்தது. நான்காவது, தவறு நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பது. தூக்கம் கெட்ட பெற்றோர் அதிகாலை நான்கு மணிக்கு அளந்து கலக்கப்போகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## ஓ.ஆர்.எஸ். பொட்டலம்

உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உண்டு, மொத்தம் 20.5 கிராம். 2002 வரை இருந்த கலவையில் உப்பும் சர்க்கரையும் இதைவிட அதிகம். குறைத்தபின் வாந்தியும் பேதியும் குறைந்தன, சிரைவழி திரவம் ஏற்றவேண்டிய தேவையும் குறைந்தது.

இதில் தவறு நடப்பது கலக்கும்போதுதான். 20.5 கிராம் பொட்டலம் ஒரு முழு லிட்டருக்கானது. "குழந்தை கொஞ்சம்தானே குடிக்கும்" என்று ஒரு டம்ளர் தண்ணீரில் பாதியைக் கொட்டினால் அந்த டம்ளரில் உப்பு இரண்டரை மடங்கு ஏறிவிடும். தாகம் கூடும், குழந்தை எரிச்சலில் அழும், ரத்தத்தில் உப்பு அளவு ஆபத்தான எல்லைக்குப் போகலாம். பொட்டலத்தைக் கண்ணளவாகப் பிரிக்கவே கூடாது. சிறு குழந்தைக்கு 200 மில்லி தண்ணீரில் கரைக்கும் சிறிய பொட்டலம் வாங்குவது வசதி, வீணாவதும் குறையும். பெரியதுதான் கிடைத்தது என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி அளந்து, கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கரையுங்கள். கரைத்தபின் சூடாக்க வேண்டாம். சர்க்கரை, பால், பழச்சாறு எதையும் சேர்க்க வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

இரண்டாவது சிக்கல் சுவை. உண்மையிலேயே நீர் வற்றிய குழந்தை பெரும்பாலும் இதை ஆவலோடு குடிக்கும். துப்புகிற குழந்தைக்கு அவ்வளவு வற்றல் இல்லாமலும் இருக்கலாம். குளிரவைத்துக் கொடுத்தால் உவர்ப்பு தெரியாது. மூன்றாவது, ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. "இரண்டு பாட்டில் கொடுத்தும் நிற்கவில்லை" என்று கைவிடுகிறவர்கள் அதன் வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள். போவதை ஈடுகட்டுவது மட்டுமே அதன் வேலை. உணவும் அது இல்லை: ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய 54 கலோரி, அதாவது ஒரே ஓர் இட்லி.

பேதி இருந்தாலோ, வாந்தி மூன்று முறைக்கு மேல் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ முதல் தேர்வு இதுதான். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஒரு பக்கக் குறிப்பு: இந்தியாவில் பழச்சுவையோடு டப்பாவில் வந்த சில சர்க்கரைப் பானங்கள் பல ஆண்டுகள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைத் தங்கள் பெயரில் ஒட்டவைத்து விற்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் அதற்குத் தடை விதித்தது. கடையில் வாங்கும்போது முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்க அளவுகளைப் பாருங்கள். ஒரு லிட்டர் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம் என்ற கணக்கு வரவேண்டும்.

## இளநீர்

இளநீருக்கு இரண்டு பலம்: சுத்தமாக மூடிக் கிடைக்கிறது, குழந்தை மறுக்காமல் குடிக்கிறது. பொட்டாசியம் ஓ.ஆர்.எஸ்ஸில் இருப்பதைவிட இரு மடங்குக்கும் மேல். பலவீனம் சோடியம் உப்பில். அது மிகக் குறைவு, அதுவும் காய்க்குக் காய், முற்றலுக்கு முற்றல் மாறும். பேதியில் உப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இளநீரை மட்டும் நம்பினால் தண்ணீர் ஏறும், உப்பு ஏறாது.

காய்ச்சல் மட்டும் இருக்கும்போதும், வாந்தி ஓய்ந்து பசி திரும்பும்போதும் இளநீர் நல்ல தேர்வு. பேதி இருந்தால் ஓ.ஆர்.எஸ்ஸுக்குத் துணையாக இருக்கட்டும். வெட்டியதும் கொடுத்துவிடுங்கள். காலையில் வெட்டியதை மாலை வரை வைத்திருந்து கொடுப்பது அதன் பெரிய பலத்தையே இழப்பது. சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அந்த உடலால் அதிகப் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது.

## உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி

கஞ்சியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைகிறது. ஒரேயடியாக அடர்த்தி ஏறாமல் உப்பை உள்ளே இழுக்கும் ஜோடி கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆக, உப்புப் போட்ட கஞ்சி நம் அடுப்படியில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ்ஸின் நெருங்கிய உறவு. உப்புப் போடாத வடிகஞ்சி அப்படி இல்லை.

ஒரு கைப்பிடி அரிசியை ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீரில் குழையக் கொதிக்கவிட்டு மசித்து, ஒரு லிட்டராக வந்ததும் 5 மில்லி கரண்டியில் தலைதட்டிய அரைக் கரண்டி உப்பு, அதாவது சுமார் 3 கிராம், போட்டுக் கலக்குங்கள். குடித்துப் பார்த்தால் கண்ணீரின் உவர்ப்புக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு டம்ளருக்கும் தனித்தனியாகச் சிட்டிகை போடாதீர்கள். அம்மாவின் சிட்டிகையும் அப்பாவின் சிட்டிகையும் ஒன்றல்ல.

கஞ்சியில் மறைந்திருக்கும் செலவு நேரம். வெளியில் வைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் புளிக்கத் தொடங்கும், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை வைக்க வேண்டும். இரவு ஊறிய நீராகாரம் பெரியவர்களுக்குச் சரி. வாந்தியில் கிடக்கும் சின்னக் குழந்தைக்கு வேண்டாம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு, பொட்டலம் கைக்கு வரும் வரையிலும், ஓ.ஆர்.எஸ். சுவை ஒத்துவராதபோதும் இந்தக் கஞ்சியே அடுத்த இடம்.

வீட்டிலேயே ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு சிறு கரண்டிச் சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைப்பதும் வேலை செய்யும். ஆனால் பதற்றத்தில் இரண்டு அளவும் இடம் மாறிப் போவது வழக்கமான விபத்து. அதில் பொட்டாசியமும் இல்லை. கஞ்சி வைக்கவும் வழியில்லாதபோது மட்டும் இது.

## மோர்

கொதித்து ஆறிய தண்ணீரில் கடைந்து, வடிகட்டி, கஞ்சிக்குச் சொன்ன அதே அளவில் உப்பிட்ட நீர்மோர், ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நல்ல துணைப் பானம். தயிராகும்போது பாலின் சர்க்கரையில் ஒரு பகுதி குறைந்துவிடுவதால் பேதியில் பாலைவிட எளிதாக ஒத்துக்கொள்ளும். பச்சைமிளகாய், இஞ்சி வேண்டாம். வாந்தி கடுமையாக இருக்கும் முதல் சில மணி நேரத்தில் புளிப்பு குமட்டலைத் தூண்டலாம், அதுவரை பொறுத்திருங்கள்.

## தாய்ப்பாலும் மாட்டுப்பாலும்

தாய்ப்பால் எந்தக் கட்டத்திலும் நிற்கக் கூடாது. வாந்தி எடுத்தால் ஒரு மார்பில் சில நிமிடம், சற்று இடைவெளி, மீண்டும் சில நிமிடம் என்று பிரித்துக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு தாய்ப்பாலும் மருத்துவர் சொன்னால் ஓ.ஆர்.எஸ்ஸும் மட்டும், கஞ்சி, இளநீர், சீரகத் தண்ணீர் எதுவும் தேவையில்லை.

மாட்டுப்பாலை வாந்தி அடங்கிய சில மணி நேரத்துக்குப் பின், வழக்கமான அடர்த்தியிலேயே கொடுக்கலாம். தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்தால் சத்துதான் குறையும். பால் குடித்ததும் ஒவ்வொரு முறையும் பேதி வெடித்து வந்தால் மட்டும் சில நாள் தயிருக்கு மாறுங்கள்.

## குளுக்கோஸ், சோடா, டப்பாப் பழச்சாறு

குளுக்கோஸ் தூளில் சர்க்கரை உண்டு, உப்பின் ஜோடி இல்லை. "தெம்பு வரும்" என்று நாள் முழுக்க இதையே கொடுத்தால் ரத்தத்தில் உப்பு தாழ்ந்து, குழந்தை மந்தமாகி, வலிப்பு வரையும் போகலாம். சோடாவிலும் பழச்சாற்றிலும் சர்க்கரை அடர்த்தி ஓ.ஆர்.எஸ்ஸைப் போல ஏழெட்டு மடங்கு, பேதியைக் கூட்டும். காய்ச்சல் மட்டும் உள்ள, வேறெதையும் தொடாத குழந்தைக்கு நன்றாக நீர்த்த சாறு இரண்டு மடக்கு கொடுப்பதில் தப்பில்லை. மருந்தாக நினைக்கக் கூடாது, அவ்வளவே.

| பானம் | உப்பு | சர்க்கரை | எங்கே தவறும் | எப்போது சிறந்தது |
|---|---|---|---|---|
| ஓ.ஆர்.எஸ். | போதுமானது | சரியான அளவு | தவறாகக் கலப்பது | பேதி, தொடர் வாந்தி |
| உப்புக் கஞ்சி | அளந்து போட்டால் சரி | மெல்லக் கிடைக்கும் | புளித்துப்போவது, உப்பு மறப்பது | பொட்டலம் இல்லாதபோது, வாந்தி தணியும்போது |
| மோர் | அளந்து போட்டால் சரி | குறைவு | தண்ணீர் சுத்தம், புளிப்பு | பேதி உள்ள, ஒரு வயது தாண்டிய குழந்தை |
| இளநீர் | மிகக் குறைவு | மிதம் | இதை மட்டும் நம்புவது | காய்ச்சல் மட்டும், தேறும் கட்டம் |
| பால் | ஓரளவு | பால் சர்க்கரை | வாந்தியின்போது நிறையக் கொடுப்பது | வாந்தி நின்றபின். தாய்ப்பால் எப்போதும் |
| குளுக்கோஸ், சோடா | இல்லை எனலாம் | அதிகம் | பேதி கூடுவது, உப்பு தாழ்வது | பேதி உள்ளபோது வேண்டாம் |

## அந்த 12 கிலோ குழந்தைக்கு, மணிக்கணக்கில்

வாந்தி நிற்பதும் நிற்காததும் பானத்தைவிட வேகத்தில்தான் இருக்கிறது. தாகத்தில் அரை டம்ளரை ஒரே மூச்சில் குடித்த குழந்தை அதை அப்படியே வெளியே தள்ளும். "எதுவும் தங்கவில்லை" என்று பெற்றோர் முடிவுகட்டுவதும் அப்போதுதான்.

காலை ஆறு மணிக்கு நான்காவது வாந்தி. நாக்கு ஈரமாக இருக்கிறது, அழுதால் கண்ணீர் வருகிறது, ஐந்து மணி நேரத்துக்கு முன் சிறுநீர் போயிருக்கிறது. லேசான நீரிழப்பாக இருக்கலாம், வீட்டில் தொடங்கலாம். பத்து நிமிடம் எதுவும் தராமல் விடுங்கள். 6:10-க்கு, காய்ச்சல் மருந்தோடு வந்த 5 மில்லி அளவுக் கோப்பை அல்லது ஊசியில்லாத சிரிஞ்சில், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை 5 மில்லி ஓ.ஆர்.எஸ். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று அளவு மாறும். பாலாடையிலும் கொடுக்கலாம், ஆனால் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து உதட்டோரம் சாய்க்க வேண்டும். படுக்கவைத்து மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கும்.

6:40-க்கு மீண்டும் வாந்தி என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு எல்லாம் போனதுபோல் இருக்கும். பத்து நிமிடம் ஓய்வு, திரும்ப அதே 5 மில்லி. ஏழு மணிக்குள் கொடுத்தது சுமார் 100 மில்லி, அதில் ஒரு பங்கு குடலுக்குள் இறங்கிவிட்டிருக்கும். ஏழுக்குப் பின் வாந்தி இல்லையென்றால் மூன்று நிமிடத்துக்கு 10 மில்லி. எட்டு மணிக்குள் இன்னும் 200 மில்லி சேர்ந்துவிடும். இனி ஒவ்வொரு வாந்திக்கும் கிலோவுக்கு 2 மில்லி, அதாவது ஏறக்குறைய 25 மில்லி, கூடுதலாகக் கொடுங்கள். பேதி தொடங்கினால் ஒவ்வொரு முறைக்கும் கிலோவுக்கு 10 மில்லி, இந்தக் குழந்தைக்கு 120 மில்லி. பேதிக்குத் துத்தநாகமும் உண்டு: ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள், பேதி நின்றாலும் முழுவதும்.

ஒரு நாளுக்கு இந்தக் குழந்தைக்கு அடிப்படைத் தேவை எல்லாப் பானமும் சேர்த்து சுமார் 1100 மில்லி. காய்ச்சலில் அதற்கு மேலும் வேண்டும். போதுகிறதா என்பதைக் குடித்த கணக்கில் பார்ப்பதைவிடச் சிறுநீரில் பாருங்கள். வெளிர்மஞ்சளாக, ஆறு மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது வரவேண்டும்.

வாந்தி மருந்தை இந்தக் கட்டத்தில் பெற்றோர் தாமாகக் கடையில் வாங்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ்ஸே தங்காதபோது ஒண்டான்செட்ரான் ஒரு வேளை உதவும், ஆனால் எடையையும் வயிற்றையும் பார்த்து மருத்துவர் தரவேண்டியது அது.

## எந்த உணவு, எப்போது

நான்கு மணி நேரம் வாந்தி இல்லாமல் பானம் தங்கினால் உணவைத் தொடங்கலாம். "லங்கணம் பரம ஔஷதம்" என்பதை இங்கே கொண்டுவர வேண்டாம். பட்டினி போட்ட குடலின் உட்படலம் ஆறத் தாமதமாகும், குழந்தையின் எடையும் அந்த நாட்களிலேயே கரையும்.

பசி இல்லாத வயிற்றில் நான்கு கரண்டிதான் ஏறும் என்றால், அந்த நான்கு கரண்டியில் என்ன இருக்கிறது என்பதுதான் தேர்வு. தண்ணீராக இருக்கும் கஞ்சி பானமாக நல்லது, உணவாக ஏமாற்று: வயிறு நிறையும், சத்து இருக்காது. ஜவ்வரிசிக் கஞ்சியும் ஆரோரூட்டும் எளிதில் இறங்கும், ஆனால் வெறும் மாவு. முதல் வேளைக்கு மட்டும் அவை சரி. ரஸ்க், பிஸ்கட் கொறிக்கக் கொடுக்கலாம். உணவுக்கு முன் கொடுத்தால் அதோடு நின்றுவிடும்.

முதல் நாளுக்கு இட்லி பொருத்தமானது. புளித்து, வெந்து, மென்மையாக இருக்கிறது, உளுந்தின் புரதம் உண்டு. அதை அடுத்து குழைந்த பருப்புச் சாதத்தில் ஒரு சிறு கரண்டி நெய். அந்த 5 மில்லி நெய்யில் மட்டும் ஏறக்குறைய 45 கலோரி இருக்கிறது. நோயில் நெய் கூடாது என்பது பழக்கத்தில் வந்த அச்சம். நோய்க்குப் பின் வாரங்களில் அதுதான் எளிதில் ஆற்றல் சேர்க்கும் வழி. பழுத்த வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தால் பொட்டாசியமும் வந்துவிடும்.

முளைகட்டிய கேழ்வரகு மாவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. முளைக்கும்போது உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், அதே அளவு மாவில் கூழ் கெட்டியாகாமல் நெகிழ்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றி நீர்க்கவிடாமலே கூடுதல் மாவு சேர்க்க முடிகிறது. விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு இது வசதி. ஒரு வயதுக்குக் கீழே எதிலும் தேன் கலக்க வேண்டாம்; அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கலாம்.

காய்ச்சல் ஏறியிருக்கும்போது வற்புறுத்தினால் உணவின்மேல் வெறுப்புதான் வரும். காய்ச்சல் மருந்து வேலை செய்து உடல் தணிந்திருக்கும் நேரத்தில் தட்டை எடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சிறிதளவு போதும். தேறியபின் இரண்டு வாரம் வழக்கத்தைவிட நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த எடை மீளும்.

## எந்தப் பானமும் தேர்வில்லாத நிலை

குழந்தை மந்தமாகிக் குடிக்க மறுத்தாலோ, கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழையபடி படியாமல் மடிந்தே நின்றாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லையென்றாலோ வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. வாந்தி பச்சையாகவோ ரத்தமாகவோ வந்தாலும், மலத்தில் ரத்தம் இருந்தாலும், வலிப்பு வந்தாலும், கழுத்து விறைத்தாலும் உடனே மருத்துவமனை. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்ற ஒன்றே போதும்.

மழைக்காலத்தில் டெங்குவை மறக்கக் கூடாது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கியதும் நிம்மதி வருகிறது, ஆனால் ஆபத்தான கட்டம் தொடங்குவது அப்போதுதான். காய்ச்சல் குறைந்தபின்னும் வாந்தி ஓயாமல் இருந்தாலோ, வயிறு வலித்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, கை கால் சில்லிட்டாலோ அன்றே பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தக் கசிவைக் கூட்டும்.